பிரிந்து பல வருஷம் ஆகியும் கனவில் வரும் முன்னாள் காதலர்... மனசு சொல்ல வருவது என்ன?

மணி அதிகாலை 4.40. சட்டென்று விழிப்பு வருகிறது. பக்கத்தில் கணவர் அசந்து தூங்குகிறார். அந்தப் பக்கம் குழந்தை. ஃபேன் ஓடும் சத்தத்தைத் தவிர வீட்டில் வேறு சத்தமே இல்லை. ஆனால் நெஞ்சு மட்டும் படபடவென்று அடித்துக்கொள்கிறது. சில நொடிகளுக்கு முன்புவரை கனவில் கண்ணெதிரே நின்றவர், எட்டு வருடங்களுக்கு முன்பு பிரிந்துபோன முன்னாள் காதலர்.

அவரை நினைத்தே பல மாதங்கள் ஆகியிருக்கும். போன் நம்பர்கூட ஞாபகத்தில் இல்லை. அப்புறம் ஏன் இப்போது வர வேண்டும்? "இன்னும் மறக்கலையோ?", "அவருக்கு ஏதாவது ஆகிடுச்சோ?", "கட்டினவருக்குத் துரோகம் பண்றோமா?" என்று அடுத்தடுத்து கேள்விகள் வரும். விடிந்த பிறகும் அந்தக் கனவின் நினைப்பு நாள் முழுக்க கூடவே வரும். யாரிடமும் வாய்விட்டுச் சொல்லவும் முடியாது.

பெண்களுக்கு மட்டும்தான் இப்படி என்று இல்லை, ஆண்களுக்கும் இதே கதைதான். கனவுகளை ஆராய்கிறவர்கள் இதற்குச் சொல்லும் பதில் பெரும்பாலும் ஒன்றுதான். கனவில் வந்த முகம் பழையது. ஆனால் அந்தக் கனவில் இருந்த உணர்வு, அநேகமாக இந்த வாரத்தைச் சேர்ந்தது. அது எப்படி என்பதைப் பார்ப்போம்.

விடியற்காலையில் ஏன் வருகிறது?

அதிகாலைக் கனவு பலிக்கும் என்பது நம் ஊரில் காலம்காலமாக இருக்கும் நம்பிக்கை. இரவின் எந்த ஜாமத்தில் கண்ட கனவு எவ்வளவு காலத்தில் பலிக்கும் என்று கணக்கு சொல்லும் 'கனா நூல்' தமிழிலேயே உண்டு. சிலப்பதிகாரத்தில் கண்ணகி தன் தோழி தேவந்தியிடம் சொல்லும் கனவும், பின்னால் நடக்கப்போவதை முன்கூட்டியே காட்டும் கனவுதான். அதனால் கனவு என்றாலே அதை எதிர்காலத்தோடு முடிச்சுப் போட்டுப் பார்ப்பது நமக்குப் பழகிப்போய்விட்டது. பழைய காதலர் கனவில் வந்தால், "மறுபடியும் வாழ்க்கையில் வரப்போகிறாரோ?" என்று பதறுவதும் இந்தப் பழக்கத்தால்தான்.

ஆனால் விடியற்காலைக் கனவுக்கு உடலுக்குள்ளேயே ஒரு காரணம் இருக்கிறது. நாம் இரவு முழுவதும் ஒரே மாதிரி தூங்குவதில்லை. சுமார் 90 நிமிடங்களுக்கு ஒருமுறை தூக்கம் ஒரு சுற்று சுற்றி வருகிறது. அந்தச் சுற்றின் கடைசியில் ஒரு கட்டம் வரும். மூடிய இமைக்குள் கண்கள் வேகமாக அசையும், உடலின் தசைகள் தளர்ந்துவிடும், மூளை மட்டும் விழித்திருப்பது போலவே சுறுசுறுப்பாக வேலை செய்யும். இதை 'ரெம்' உறக்கம் என்கிறார்கள். 1953-ல் சிகாகோ பல்கலைக்கழகத்தின் யூஜின் அசரின்ஸ்கி, நதானியேல் கிளைட்மேன் இருவரும் இதைக் கண்டறிந்து வெளியிட்டார்கள். கதை போல நீண்டு போகிற, அழ வைக்கிற, பயமுறுத்துகிற கனவுகள் அதிகம் வருவது இந்தக் கட்டத்தில்தான்.

இரவின் முதல் சுற்றில் இந்தக் கட்டம் சில நிமிடங்களிலேயே முடிந்துவிடும். விடிய விடிய அதன் நீளம் கூடிக்கொண்டே போகும். 11 மணிக்குப் படுக்கிறவருக்கு, நீளமான கனவுக் கட்டம் 4 மணியிலிருந்து 6 மணிக்குள் வருவது இயல்பு. அதன் நடுவில் விழிப்பு வந்தால் கனவு அப்படியே ஞாபகத்தில் நிற்கும். நடுராத்திரிக் கனவு மறந்துபோவதும், விடியற்காலைக் கனவு மனதில் ஒட்டிக்கொள்வதும் இப்படித்தான். பலிக்கும், பலிக்காது என்பதற்கு இதில் வேலையே இல்லை.

மூளை ஏன் பழைய முகத்தைத் தேடி எடுக்கிறது?

ரெம் உறக்கத்தில் மூளையின் எல்லாப் பகுதிகளும் ஒரே அளவில் வேலை செய்வதில்லை. பயம், ஏக்கம், கோபம் போன்ற உணர்ச்சிகளைக் கையாளும் அமிக்டலா என்ற பகுதி ரொம்பவே விழிப்பாக இருக்கும். ஆனால் "இது நடக்கிற காரியமா? இவர் எப்படி இங்கே வந்தார்?" என்று கணக்குப் பார்க்கிற, நெற்றிக்குப் பின்னால் உள்ள பகுதியின் வேலை குறைந்திருக்கும். அதனால்தான் காலேஜில் பழகியவர், இப்போதைய வீட்டு ஹாலில் உட்கார்ந்து காபி குடித்தாலும் கனவுக்குள் நமக்குச் சந்தேகமே வருவதில்லை.

இந்த நேரத்தில் மூளை நினைவுகளைத் தேதி வாரியாக எடுப்பது கிடையாது. உணர்ச்சி ஒத்துப்போனால் போதும், எடுத்துவிடும். வீட்டில் சாமான்களை நாம் எப்படி அடுக்குகிறோம் என்று யோசித்துப் பாருங்கள். வாங்கிய வருஷத்தைப் பார்த்து யாரும் அடுக்குவதில்லை. பயன்பாட்டைப் பார்த்துத்தான் அடுக்குகிறோம். 'யாரோ என்னை விட்டுட்டுப் போறாங்க' என்ற உணர்வுக்கு மனதில் ஒரு பரண் இருக்கிறது என்று வைத்துக்கொள்ளுங்கள். அந்தப் பரணில் முன் வரிசையில் இருக்கும் முகம் யாருடையது? முதன்முதலாக அந்த வலியைக் கொடுத்தவருடையதுதான். இன்றைக்கு அதே சாயலில் ஒரு வலி வந்தால், கைக்குச் சட்டென்று அகப்படுவதும் அந்த முகம்தான்.

அந்த இன்றைய வலி பெரும்பாலும் கடந்த சில நாட்களில்தான் இருக்கும். பகலில் நடந்த சின்ன விஷயம்கூட இரவுக் கனவில் எட்டிப்பார்க்கும் என்று சிக்மண்ட் ஃப்ராய்ட் 1900-ம் ஆண்டு என அச்சிட்டு வந்த தன் புத்தகத்திலேயே எழுதிவிட்டார். கனவில் மறைந்த ஆசைகள் இருப்பதாக அவர் சொன்னதை இன்றைய ஆய்வாளர்கள் பலர் ஏற்பதில்லை. ஆனால் பகலின் மிச்சம் கனவில் வரும் என்பதில் பெரிதாக மாற்றுக் கருத்து இல்லை. அடுத்து வந்த ஆய்வுகளில் இன்னொரு விஷயமும் தெரிந்தது. பகலில் நடந்தது அன்றிரவோ மறுநாள் இரவோ கனவில் தலைகாட்டும். அப்புறம் காணாமல் போய், 5 முதல் 7 நாட்கள் கழித்து மறுபடியும் வருவது உண்டு.

அமெரிக்க உளவியலாளர் கால்வின் ஹால் ஆயிரக்கணக்கான கனவுகளை எழுதி வாங்கி, அவற்றில் யார் வந்தார்கள், என்ன நடந்தது, என்ன உணர்வு இருந்தது என்று எண்ணிப் பார்த்தவர். அவரும் அவருடைய வழியில் வந்தவர்களும் சொன்ன கருத்து எளிமையானது. விழித்திருக்கும்போது மனதில் ஓடும் கவலைகள்தான் தூக்கத்திலும் வேறு வேஷம் போட்டுக்கொண்டு தொடர்கின்றன. ஆகவே கனவைப் புரிந்துகொள்ள அகராதி வேண்டாம். கனவு கண்டவரின் அந்த வாரம் எப்படிப் போனது என்று தெரிந்தால் போதும்.

ஒரு கனவைப் பிரித்துப் பார்ப்போம்

தெளிவாகப் புரிய, ஒரு பெண்ணின் நிலைமையைக் கற்பனை செய்துகொள்வோம். அவருக்கு 33 வயது. திருச்சியில் காலேஜ் படித்தபோது கூடப் படித்த ஒருவரைக் காதலித்தார். வீட்டில் பெரிய சண்டை எதுவும் இல்லை. ஒரு நாள் அந்தப் பையன் போனை எடுப்பதை நிறுத்திவிட்டார், அவ்வளவுதான். காரணம் கடைசிவரை தெரியவில்லை. இப்போது அந்தப் பெண்ணுக்குக் கல்யாணமாகி, கணவரோடும் ஐந்து வயது மகளோடும் தாம்பரம் பக்கம் வசிக்கிறார். வாழ்க்கையில் பெரிய குறை என்று எதுவும் இல்லை.

அவர் கண்ட கனவு இது. திருச்சி சத்திரம் பேருந்து நிலையத்தில் கூட்டத்துக்கு நடுவே பழைய காதலர் முதுகைக் காட்டிக்கொண்டு நிற்கிறார். இவர் பெயர் சொல்லிக் கூப்பிடுகிறார். திரும்பவில்லை. சத்தமாகக் கூப்பிட முயன்றால் குரல் வெளியே வரவில்லை. பஸ் கிளம்புகிறது. அவர் ஏறிப் போய்விடுகிறார். விழிப்பு வருகிறது.

இந்தக் கனவை எடுத்ததும் எல்லோரும் கேட்கிற கேள்வி, "அவர் ஏன் வந்தார்?" என்பதுதான். அந்தக் கேள்வியைக் கொஞ்சம் தள்ளி வைத்துவிட்டு, முதலில் உணர்வைப் பிடிக்க வேண்டும். கனவில் இருந்தது காதலா? இல்லை. ஆசையா? அதுவும் இல்லை. 'நான் கூப்பிடுறது யார் காதிலயும் விழலை' என்ற தவிப்புதான் கனவு முழுக்க இருந்தது.

அடுத்து, அந்தத் தவிப்பை மட்டும் எடுத்துக்கொண்டு கடந்த ஏழு நாட்களுக்குள் தேட வேண்டும். முகத்தை மறந்துவிட்டு, "இந்த வாரம் யார் என் பேச்சைக் கேட்கலை?" என்று தன்னையே கேட்டுக்கொள்ள வேண்டும். பதில் கிடைக்கிறது. ஆறு நாட்களுக்கு முன்பு கணவர் ஆபீஸிலிருந்து வந்து, ஹைதராபாத்தில் இரண்டு வருஷ வேலைக்குச் சரி என்று சொல்லிவிட்டதாகச் சந்தோஷமாகச் சொன்னார். இவரும் "சரிங்க, நல்லதுதானே" என்று சொல்லிவிட்டு தோசை வார்க்கப் போய்விட்டார். ஒரு வார்த்தை கேட்டிருக்கலாமே என்ற நினைப்பு வந்தது. அதை அவர் வாய்விட்டுச் சொல்லவில்லை.

மூன்றாவதாக, கனவில் வந்த ஆள் வாழ்க்கையில் எந்த உணர்வுக்கு அடையாளமாக இருந்தார் என்று பார்க்க வேண்டும். இந்தப் பெண்ணுக்கு அந்தக் காதலர், 'பதில் சொல்லாமல் போனவர்'. கேட்காமலே ஒரு முடிவை எடுத்து, அதை இவர் தலையில் இறக்கிவிட்டுப் போனவர். கணவர் செய்தது அவ்வளவு பெரிய காரியம் இல்லைதான். ஆனால் உணர்வின் சாயல் ஒன்றே. தூங்கும் மூளைக்கு அந்தச் சாயல் போதும்.

ஆக, இந்தக் கனவு பழைய காதலரைப் பற்றிப் பேசவே இல்லை. ஹைதராபாத்தைப் பற்றித்தான் பேசுகிறது. அடுத்த ஞாயிற்றுக்கிழமை அவர் கணவரிடம், "என்னங்க, அன்னைக்கு நீங்க முடிவு பண்ணிட்டு வந்து சொன்னது எனக்குக் கொஞ்சம் கஷ்டமா இருந்துச்சு" என்று ஆரம்பித்தால், அதுதான் கனவுக்கான சரியான பதில். பழைய காதலரை இன்ஸ்டாகிராமில் தேடினால், அது தப்பான விலாசத்துக்குப் போட்ட கடிதம் மாதிரி ஆகிவிடும்.

இந்த விளக்கம் சரிதானா என்று எப்படித் தெரியும்? ஒரே ஒரு கனவை வைத்து யாராலும் நிரூபிக்க முடியாது. ஆனால் சோதித்துப் பார்க்கலாம். சரியான இடத்தைத் தொட்டுவிட்டால், "ஆமா, அதுதான்" என்று மனதில் ஒரு தெளிவு வரும். பேசவேண்டியதைப் பேசிய பிறகு அந்தக் கனவு குறைய ஆரம்பித்தால், அது இன்னொரு அடையாளம். பேசிய பிறகும் அதே கனவு, அதே பஸ், அதே முதுகு என்று வந்துகொண்டே இருந்தால், தேடிய இடம் தவறாக இருக்கலாம். திரும்பவும் உணர்விலிருந்து ஆரம்பிக்க வேண்டும்.

கனவு சந்தோஷமாக இருந்தால்?

பலரை அதிகம் குழப்புவது சண்டைக் கனவு கிடையாது. இனிமையான கனவுதான். இருவரும் சிரித்துப் பேசுகிறார்கள், பைக்கில் போகிறார்கள், எந்தக் கவலையும் இல்லை. விழித்தால் மனசு கனத்துப்போகிறது. குற்ற உணர்வும் கூடவே வருகிறது.

இங்கேயும் அதே வழிதான். கனவில் இனித்தது எது என்று பிரித்துப் பார்க்க வேண்டும். அந்த ஆளா, அல்லது அந்த ஆளோடு இருந்தபோது நீங்கள் இருந்த விதமா? 21 வயதில் வீட்டுக்கடன் தவணை இல்லை, பிள்ளையின் ஸ்கூல் ஃபீஸ் இல்லை, மாமியாரின் சுகர் மாத்திரை ஞாபகம் வைத்துக்கொள்ள வேண்டியதில்லை. நம்மை ஒருவர் ஆசையாகப் பார்த்தார், நாம் சொன்ன மொக்கை ஜோக்குக்கும் சிரித்தார். கனவு அந்த நாட்களைக் கொண்டுவரும்போது, அன்றைக்குக் கூட இருந்தவரையும் சேர்த்துத்தான் கொண்டுவர வேண்டியிருக்கிறது.

அப்படியானால் நிகழ்காலத்தில் தேட வேண்டியது, காணாமல் போன அந்த ஒரு விஷயத்தைத்தான். கணவனும் மனைவியும் வீட்டு வேலை, பிள்ளை, கணக்கு வழக்கு தவிர வேறு எதையும் பேசி எத்தனை நாளாச்சு? தனக்கென்று ஒரு மணி நேரம் கிடைத்து எத்தனை நாளாச்சு? கல்யாணம் ஆகாமல் தனியாக இருப்பவராக இருந்தால், மனம்விட்டுப் பேச ஆள் இருக்கிறதா? இந்தக் கேள்விகளில் ஒன்று சுருக்கென்று குத்தினால், கனவு சுட்டிக்காட்டும் இடம் அதுதான்.

விவாகரத்து ஆனவர்களிடம் நடந்த ஆய்வு

முன்னாள் துணை கனவில் வருவது மனசு சரியில்லை என்பதன் அறிகுறியா? இதை நேரடியாக ஆராய்ந்தவர், சிகாகோவைச் சேர்ந்த உளவியலாளர் ரோசலிண்ட் கார்ட்ரைட். விவாகரத்து நடந்துகொண்டிருந்த ஆண்களையும் பெண்களையும் உறக்க ஆய்வகத்தில் தூங்கவைத்து, ரெம் உறக்கம் வரும்போது எழுப்பி, "இப்போது என்ன கனவு?" என்று கேட்டுப் பதிவு செய்தார். அவர்களில் பலர் மனச்சோர்வில் இருந்தவர்கள்.

ஒரு வருடம் கழித்துப் பார்த்தபோது தெரிந்தது, பலரும் எதிர்பார்க்காத விஷயம். மனச்சோர்வில் இருந்தவர்களில், முன்னாள் துணை கனவில் வந்தவர்கள்தான் அதிகம் தேறியிருந்தார்கள். ஆனால் எல்லாக் கனவும் ஒன்று இல்லை. தேறியவர்களின் கனவில் உணர்ச்சி இருந்தது, கதை நகர்ந்தது, பழைய நினைவுகளும் வேறு மனிதர்களும் புதிய சூழலும் கலந்து வந்தன. தேறாதவர்களின் கனவு தட்டையாக இருந்தது, பழசோடு எதுவும் இணையவில்லை. புதிய வலியைப் பழைய அனுபவங்களோடு சேர்த்துக் கட்டிவைப்பதுதான் இந்தக் கனவுகளின் வேலை என்பது கார்ட்ரைட்டின் விளக்கம்.

இதில் கலந்துகொண்டவர்கள் எண்ணிக்கை குறைவு, அவர்கள் அப்போதுதான் பிரிந்தவர்கள் என்பதையும் மறக்கக்கூடாது. எட்டு வருடங்கள் கழித்து வரும் கனவுக்கு இதை அப்படியே பொருத்த முடியாது. ஆனால் ஒரு விஷயத்தை எடுத்துக்கொள்ளலாம். முன்னாள் துணை கனவில் வருவது மட்டுமே ஆபத்தான அறிகுறி ஆகிவிடாது. உங்கள் கனவில் இடம் மாறுகிறதா, கதை மாறுகிறதா, நீங்கள் அதில் செய்வது மாறுகிறதா என்று கவனியுங்கள். போன வருஷக் கனவில் அழுதவர், இந்த வருஷக் கனவில் "சரி, போ" என்று சொன்னால், மனசு வேலை செய்திருக்கிறது என்று அர்த்தம்.

"நினைக்கவே கூடாது" என்று படுத்தால்...

கனவுக்குப் பயந்து பலர் செய்வது, இரவு படுக்கும்போது அவர் நினைப்பே வரக்கூடாது என்று மனதை இறுக்கிக் கட்டுவது. இதில்தான் சிக்கல். அமெரிக்க உளவியலாளர் டேனியல் வெக்னரும் அவருடன் பணியாற்றியவர்களும் 2004-ல் வெளியிட்ட ஆய்வில், கல்லூரி மாணவர்களிடம் தெரிந்த ஒருவரை நினைத்துக்கொள்ளச் சொன்னார்கள். சிலரிடம், தூங்குவதற்கு முன் ஐந்து நிமிடம் அந்த ஆளைப் பற்றி நினைக்கவே கூடாது என்றார்கள். காலையில் பார்த்தால், 'நினைக்கக் கூடாது' என்று கட்டுப்படுத்தியவர்களின் கனவில்தான் அந்த ஆள் அதிகமாக வந்திருந்தார். அந்த ஆள் மீது ஈர்ப்பு இருந்ததா இல்லையா என்பதுகூட இதில் பெரிய வித்தியாசத்தை உண்டாக்கவில்லை.

இதனால் ஒரு சுழல் உருவாகிவிடலாம். முதல் கனவு ஹைதராபாத் விஷயத்தால் வந்திருக்கும். அதற்குப் பயந்து மறுநாள் இரவு நினைப்பை அடக்க, அந்த அடக்குதலே இரண்டாவது கனவைக் கொண்டுவரும். "பாரு, மறுபடி வந்துட்டாரு" என்று பயம் இன்னும் கூடும். நாளாக நாளாக, கனவு எதனால் ஆரம்பித்தது என்பதே மறந்துபோகும்.

இதை உடைக்க எளிய வழி, அடக்காமல் எழுதிவைப்பது. விழித்த ஐந்து நிமிடத்துக்குள் எழுத வேண்டும், ஏனென்றால் கனவு சீக்கிரம் மறந்துவிடும். முதல் வரியில் உணர்வு, அடுத்த வரியில் இடம், கடைசியில் ஆட்கள் என்ற வரிசையில் எழுதினால், முகத்திலேயே மாட்டிக்கொள்ளாமல் இருக்கலாம். எழுதிய பிறகு, "இந்த உணர்வு இந்த வாரத்தில் எங்கே வந்தது?" என்ற ஒரு கேள்வியைக் கீழே எழுதி வைத்துவிட்டு, வேலையைப் பார்க்கப் போகலாம்.

கூட வாழ்கிறவரிடம் சொல்லலாமா?

இதற்கு எல்லோருக்கும் பொருந்தும் பதில் கிடையாது. ஆனால் சொல்லாவிட்டாலும் கனவு வீட்டுக்குள் வேலை செய்யும் என்பது தெரிந்திருப்பது நல்லது. உளவியலாளர் டிலன் செல்டர்மேன் நடத்தி 2014-ல் வெளியான ஆய்வில், காதல் உறவில் இருந்த சுமார் 60 பேர் இரண்டு வாரங்கள் தங்கள் கனவுகளையும், பகலில் துணையோடு எப்படி இருந்தார்கள் என்பதையும் எழுதினார்கள். துணையோடு சண்டை போடுவதுபோல் கனவு கண்டவர்களுக்கு மறுநாள் நிஜத்திலும் உரசல் கூடியது. துரோகம் பற்றிக் கனவு கண்டவர்களுக்குத் துணையிடம் இருந்த நெருக்கம் அடுத்த சில நாட்களில் குறைந்தது. எதிரில் இருப்பவர் நிஜத்தில் எந்தத் தவறும் செய்யாவிட்டாலும் அப்படித்தான்.

முன்னாள் காதலர் வந்த கனவுக்கு மறுநாள், காரணமே இல்லாமல் கணவர் மீது எரிச்சல் வருவதும், மனைவி கேட்ட சாதாரணக் கேள்விக்குச் சுள்ளென்று பதில் சொல்வதும் இப்படி நடக்கலாம். அந்த ஒரு நாள் கொஞ்சம் எச்சரிக்கையாக இருந்தாலே பாதிப் பிரச்சனை குறையும்.

சொல்வதாக இருந்தால், பெயரும் காட்சியும் முக்கியமில்லை. கண்டுபிடித்த உணர்வைச் சொன்னால் போதும். "ராத்திரி என் பழைய காதலர் கனவில் வந்தார்" என்று ஆரம்பித்தால் பேச்சு அவரைப் பற்றியே சுற்றும். "கொஞ்ச நாளா என்னைக் கேட்காமலே எல்லாம் நடக்குற மாதிரி இருக்கு" என்று ஆரம்பித்தால் பேச்சு வீட்டைப் பற்றி நடக்கும். அந்தப் பழைய காதலைப் பற்றி இருவருக்குள்ளும் ஏற்கெனவே வெளிப்படையான பேச்சு இருந்தால், கனவையும் சேர்த்துச் சொல்வதில் தவறில்லை.

முன்னாள் காதலருக்கே "கனவுல வந்தீங்க, நல்லா இருக்கீங்களா?" என்று வாட்ஸ்அப்பில் ஒரு மெசேஜ் தட்டிவிடலாமா என்று அதிகாலையில் கை துடிக்கும். அவர் உங்களை நினைத்ததால் கனவில் வந்தார் என்பதற்கு எந்த ஆதாரமும் இல்லை. உங்கள் தலைக்குள் நடந்ததில் அவருக்குப் பங்கே கிடையாது. அன்று மாலை ஆறு மணி வரை அந்த மெசேஜைத் தள்ளிவைத்துப் பாருங்கள். கனவின் சூடு அதற்குள் பெரும்பாலும் ஆறியிருக்கும்.

இந்த விளக்கம் எப்போது பொருந்தாது?

சில நேரம் காரணம் மனதிலேயே இருக்காது. மனச்சோர்வுக்குத் தரப்படும் சில மாத்திரைகளும், ரத்த அழுத்தத்துக்கும் படபடப்புக்கும் தரப்படும் ப்ரோப்ரனோலால் போன்ற மருந்துகளும் கனவுகளை அழுத்தமாக்கக்கூடும். தினமும் குடித்துப் பழகியவர் நிறுத்தினால், அதுவரை அடங்கியிருந்த ரெம் உறக்கம் பொங்கி வரும், கனவுகளும் அப்படியே. புதிதாக மருந்து ஆரம்பித்த சில வாரங்களில் இப்படிக் கனவுகள் கூடினால், மருந்தைத் தாமாக நிறுத்தாமல் டாக்டரிடம் சொல்ல வேண்டும்.

சிலருக்குப் பழைய விஷயம் உண்மையிலேயே முடிந்திருக்காது. விழித்திருக்கும் நேரத்திலும் அவர் நினைப்பு தினம் தினம் வருகிறது, அவர் கணக்கை அடிக்கடி திறந்து பார்க்கிறார்கள் என்றால், அங்கே கனவு பேசுவது அந்த உறவைப் பற்றியேதான். அதை 'இந்த வாரத்துக் கவலை' என்று மடை மாற்ற வேண்டியதில்லை.

எல்லாவற்றையும்விட முக்கியமானது, அந்த உறவில் அடி, மிரட்டல், கட்டாயம் இருந்திருந்தால் வரும் கனவு. நடந்தது அப்படியே திரும்பத் திரும்பக் கனவில் ஓடுகிறது, வியர்த்து விறுவிறுத்து விழிக்கிறார்கள், தூங்கவே பயமாக இருக்கிறது, பகலிலும் சின்னச் சத்தத்துக்குத் திடுக்கிடுகிறார்கள் என்றால், அது மனக்காயத்தின் அறிகுறியாக இருக்கலாம். இதைத் தனியாக உட்கார்ந்து எழுதித் தீர்க்க முடியாது. விழித்திருக்கும்போதே கனவின் கதையை மாற்றி எழுதி, மாற்றிய கதையை மனதில் தினமும் ஓட்டிப் பழகும் சிகிச்சை முறை இருக்கிறது. அதை மனநல மருத்துவரோ உளவியலாளரோ சொல்லித்தருவார்கள். யாரிடம் போவது என்று தெரியாவிட்டால், மத்திய அரசின் 'டெலி மானஸ்' மனநல உதவி எண் 14416-ஐ எந்த நேரத்திலும் அழைக்கலாம். தமிழிலும் பேசலாம்.

மற்றபடி, எப்போதோ ஒருமுறை விடியற்காலையில் வந்துபோகும் பழைய முகத்தைக் கண்டு பதற வேண்டியதில்லை. தாம்பரத்துப் பெண்ணைப் போல, எழுந்து ஒரு டம்ளர் தண்ணீர் குடித்துவிட்டு, கனவில் யார் வந்தார் என்பதை விட்டுவிட்டு, கனவில் எப்படி இருந்தது என்று மட்டும் யோசித்துப் பாருங்கள். பேசவேண்டிய ஆள், பெரும்பாலும் பக்கத்து அறையிலேயே இருப்பார்.